வைரல் காய்ச்சலுக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருமின்னா கிருமிதானே? வைரஸுக்கு மட்டும் ஆன்டிபயாடிக் ஏன் கேட்காது?

ஆன்டிபயாடிக் என்பது எல்லாக் கிருமியையும் ஒருசேரக் கொல்லும் விஷம் அல்ல. அப்படி ஒரு விஷம் இருந்தால் அது நம் செல்களையும் சேர்த்தே கொன்றுவிடும். பாக்டீரியாவிடம் மட்டும் இருந்து மனித செல்லில் இல்லாத, அல்லது வேறு வடிவில் இருக்கிற ஒரு பாகத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அதை நாம் பயமின்றி விழுங்க முடிகிறது.

அமாக்சிசிலின் பாக்டீரியாவைச் சுற்றியுள்ள செல்சுவரைக் கட்டும் நொதியைப் பிடிக்கிறது. சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடித்துவிடும். நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில், அதாவது புரதம் தயாராகும் இடத்தில், போய் ஒட்டிக்கொள்கிறது. நம் செல்லிலும் ரைபோசோம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு என்பதால் மருந்து அங்கே பிடிப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியா தன் டிஎன்ஏ இழையை முறுக்கிப் பிரிக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிறது.

டெங்கு வைரஸிடம் இந்த மூன்றில் எதுவுமே கிடையாது. சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள ஓர் உறை, அதற்குள் ஓர் ஆர்என்ஏ இழை, அவ்வளவுதான். தனக்கென ரைபோசோம் இல்லாததால் நம் செல்லுக்குள் நுழைந்து, நம் ரைபோசோமை வைத்தே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. ஃப்ளூ, சாதாரணச் சளி, கொரோனா எல்லாவற்றிலும் இதே கதைதான். மருந்து பிடித்துக்கொள்ள அங்கே இடமே இல்லை. அதனால் மாத்திரையை ஊசியாக மாற்றினாலும், 250 மி.கி. என்பதை 500 ஆக்கினாலும் பலன் ஒன்றுதான்: வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

வைரஸுக்கென்று தனி மருந்துகள் சில உண்டு. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் இருக்கிறது. அதையும் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பயன். டெங்குவுக்கு அப்படி எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

போன தடவை மூணு நாள் அசித்ரோமைசின் போட்டதும் காய்ச்சல் விட்டுடுச்சே, அது எப்படி?

நாட்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். திங்கள் இரவு காய்ச்சல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை கஷாயமும் பாராசிட்டமாலும். புதன் மாலை வரை குறையவில்லை என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ‘செட்’ வாங்குகிறோம். அதில் அசித்ரோமைசின் 500, ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. வெள்ளிக்கிழமை உடம்பு லேசாகிறது. ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் மூன்று, நான்கு நாளில் தானே இறங்கும். திங்களிலிருந்து எண்ணினால் வெள்ளி என்பது அதன் கணக்கு முடிகிற நாள். மாத்திரை போடாவிட்டாலும் அன்றுதான் இறங்கியிருக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, நேரடியாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் பிரிட்டனில் பிரின்சிபிள் என்ற ஆய்வு நடந்தது. கொரோனா சந்தேகத்துடன் வீட்டில் இருந்த வயதானவர்களிலும், 50 வயது தாண்டி வேறு நோய்கள் உள்ளவர்களிலும் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒன்று என மூன்று நாள் கொடுத்தார்கள். நம் கடைகளில் தரும் அதே அளவு, அதே மூன்று நாள். மாத்திரை சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடச் சொல்லும்படியாகச் சீக்கிரம் குணமாகவில்லை என்று 2021இல் முடிவு வெளியானது.

டெங்குவில் இந்த ‘விட்டுடுச்சு’ என்பதே ஆபத்தான வார்த்தை. டெங்குவில் சிக்கல் வருவது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, அது இறங்குகிற மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எண்ணிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற அதே நாளில் வயிற்று வலியும் தொடர் வாந்தியும் தொடங்கலாம்.

சரி, வேலை செய்யலைன்னா போகட்டும். சும்மா போட்டு வைக்கிறதுல என்ன நஷ்டம்?

வைரஸ் மேல் வேலை செய்யவில்லை என்பதால் மருந்து சும்மா இருந்துவிடாது. நம் வாயிலும் தொண்டையிலும் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கின்றன. விழுங்கிய மருந்து போய்ச் சேர்வது அவற்றிடம்தான். மருந்துக்கு மடிகிறவை மடியும். ஏற்கெனவே எதிர்ப்பு உள்ள சில மட்டும் தப்பிக்கும். களைக்கொல்லி தெளித்த வயலில் அதற்குச் சாகாத ஒரு களை மட்டும் மிஞ்சி, காலியான இடம் முழுக்கப் படர்வது போலத்தான் இதுவும்.

பெல்ஜியத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. எந்த நோயும் இல்லாத 224 தன்னார்வலர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அசித்ரோமைசின் மூன்று நாளும், இன்னொரு பகுதியினருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளாரித்ரோமைசின் ஏழு நாளும், மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தந்தார்கள். எல்லோருடைய தொண்டையிலும் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை அவ்வப்போது எடுத்துச் சோதித்தார்கள். நான்காம் நாளிலேயே அசித்ரோமைசின் சாப்பிட்டவர்களிடம் எதிர்ப்புள்ள பாக்டீரியாவின் பங்கு சராசரியாக 50 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் ஏறியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் போலி மாத்திரைக் குழுவைவிட அது கூடுதலாகவே இருந்தது. மூன்று மாத்திரைக்கு ஆறு மாத விளைவு.

அசித்ரோமைசின் விஷயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. அது திசுக்களுக்குள் போய்த் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியேறும். உடலிலுள்ள அளவு பாதியாகக் குறையவே சுமார் 68 மணி நேரம் பிடிக்கும். மூன்று நாள் மட்டும் சாப்பிட்டால் போதும் என்ற வசதி இதனால்தான் கிடைத்தது. ஆனால் கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் குறைந்த அளவு மருந்து உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு இல்லாத பாக்டீரியாவை அமுக்கவும், எதிர்ப்புள்ளதை வளர விடவும் அந்தக் குறைந்த அளவே தோதானது.

தொண்டையில் தேங்கிய இந்த எதிர்ப்பு மரபணு, பக்கத்திலேயே வாழும் நிமோனியா பாக்டீரியாவுக்கும் கைமாறலாம். அப்படி ஒருநாள் உண்மையாகவே நிமோனியா வந்தால் அந்த மருந்து கேட்காது. உடனடித் தொல்லைகள் தனி: வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை, ஏற்கெனவே இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்குத் துடிப்பு மேலும் தாறுமாறாவது.

பாக்டீரியா எப்படி மருந்துக்குப் பழகிக்குது? அதுக்கு அறிவு இருக்கா?

பழகுவதில்லை. மருந்தைப் பார்த்து எந்தப் பாக்டீரியாவும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. மருந்து வருவதற்கு முன்பே, தற்செயலாக, கூட்டத்தில் ஒன்றிரண்டிடம் எதிர்ப்பு இருக்கிறது. மருந்து அதை உருவாக்குவதில்லை, பொறுக்கி எடுக்கிறது.

குடலில் வாழும் ஈ.கோலையை எடுத்துக்கொள்வோம். நல்ல உணவும் சூடும் கிடைத்தால் ஆய்வகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட தன் டிஎன்ஏவை முழுவதுமாகப் படியெடுக்க வேண்டும். ஆயிரம் முறை படியெடுத்தால் ஏறத்தாழ ஓர் எழுத்துப் பிழை நிகழ்கிறது. நம் தட்டச்சோடு ஒப்பிட்டால் அபாரமான துல்லியம். ஆனால் குடலில் அவை இருப்பதோ கோடிக்கணக்கில். நூறு கோடி பிரிந்தால் சுமார் பத்து லட்சம் பிழைகள், டிஎன்ஏ முழுக்கச் சிதறிக் கிடக்கும். பெரும்பாலானவை பயனற்றவை, சில கேடானவை. சிப்ரோஃப்ளாக்சசின் ஒட்டுகிற இடத்திலேயே ஒரு பிழை விழுந்தால், அந்த ஒரு பாக்டீரியாவிடம் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது.

மருந்து இல்லாத நாட்களில் அந்தப் பிழையால் அதற்கு எந்த லாபமும் இல்லை. கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் கிடக்கும். மருந்து உள்ளே வந்ததும் மற்றவை மடிய, உணவும் இடமும் அதற்கே மிஞ்சுகின்றன. சில நாட்களில் அதன் சந்ததியே கூட்டமாகிவிடுகிறது.

தப்பிக்கும் வழிகள் நான்கு விதம். மருந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தை மாற்றுவது ஒன்று, மேலே சொன்னது அதுதான். மருந்தை வெட்டும் நொதியைச் செய்வது இரண்டாவது. பெனிசிலினை உடைக்கும் நொதியை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் 1940லேயே கண்டு எழுதிவிட்டார்கள், அந்த மருந்து நோயாளிகளிடம் பரவலாகப் போவதற்கு முன்பே. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுவது மூன்றாவது. மருந்து நுழையும் துவாரங்களைக் குறைத்துக்கொள்வது நான்காவது. ஒரே பாக்டீரியாவிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கலாம், அப்போதுதான் மருத்துவர்கள் திணறுகிறார்கள்.

ஒரு பாக்டீரியாகிட்ட இருக்குற எதிர்ப்பு வேற பாக்டீரியாவுக்கு எப்படிப் போகும்?

இதற்கு டைபாய்டின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

பாக்டீரியாவுக்குள் முக்கிய டிஎன்ஏ தவிர, பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டிஎன்ஏ வளையங்களும் இருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று தன் வளையத்தின் நகலை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கலாம். எழுத்துப் பிழைக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை, ஒரே கைமாற்றில் அத்தனையும் வந்துவிடும்.

1948 முதல் டைபாய்டுக்குக் குளோராம்ஃபெனிகால் இருந்தது. அதுவரை பலரைக் கொன்ற நோய் மாத்திரையில் குணமாகத் தொடங்கியது. 1972இல் மெக்சிகோவில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பெரிய அளவில் பரவியது. அதே ஆண்டு நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டிலும் அப்படிப்பட்ட கிருமியைக் கண்டார்கள். அதன் எதிர்ப்பு பிற பாக்டீரியாவுக்குக் கைமாறக்கூடியது என்பதையும் சோதித்துக் காட்டினார்கள். 1980களின் இறுதிக்குள் ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் என்ற மற்ற இரண்டு மருந்துகளும் சேர்ந்து கைவிட்டன. எல்லோரும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினார்கள். 1990களில் அதற்கும் எதிர்ப்பு எழுத்துப் பிழை வழியாக ஏறத் தொடங்கியது. இன்று இந்தியாவில் எடுக்கப்படும் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் சிப்ரோஃப்ளாக்சசின் நம்பத்தக்கதல்ல. மிச்சம் இருந்தவை செஃப்ட்ரியாக்சோன் ஊசி, செஃபிக்சிம் மாத்திரை, அசித்ரோமைசின்.

2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு பரவத் தொடங்கியது. அந்தக் கிருமியின் மரபணுவைப் படித்தபோது, முன்பே பல மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள ஒரு டைபாய்டு வகை புதிதாக ஒரு பிளாஸ்மிட்டைப் பெற்றிருந்தது தெரிந்தது. ஈ.கோலையில் காணப்படும் பிளாஸ்மிட்டை ஒத்திருந்தது அது. நோய் எதுவும் தராமல் குடலில் கிடந்த ஏதோ ஒரு பாக்டீரியா பல வருட ஆன்டிபயாடிக் பழக்கத்தில் சேர்த்துவைத்திருந்த சொத்து, கடைசியில் டைபாய்டுக் கிருமியின் கைக்குப் போனது.

அந்த வகை டைபாய்டுக்கு வாய்வழி மருந்தாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, அசித்ரோமைசின். அது கேட்காவிட்டால் மருத்துவமனையில் படுத்து நரம்பில் ஏற்றும் கார்பாபெனெம் ஊசிதான். வங்கதேச ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட செய்தி இன்னும் கவலை தருவது: மருந்தை வெளியே இறைக்கும் பம்பில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அசித்ரோமைசினுக்கும் எதிர்ப்புப் பெற்ற டைபாய்டுக் கிருமிகள் அங்கே கிடைத்தன. புதன்கிழமை மாலை சளிக் காய்ச்சலுக்கு வாங்கும் அந்த மூன்று மாத்திரை அட்டை, இன்னொரு நோய்க்குக் கடைசி மாத்திரை.

எனக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு டாக்டர், வீரியமா வேற கொடுங்கன்னு கேக்கலாமா?

பழகுவது உங்கள் உடல் அல்ல. எதிர்ப்பு என்பது பாக்டீரியாவின் குணம். வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கூடச் சாப்பிடாத பச்சிளம் குழந்தைக்கும் எதிர்ப்புள்ள கிருமி தாயிடமிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ தொற்றலாம். ‘வீரியம்’ என்ற தராசும் சரியானதல்ல. எந்தக் கிருமி, உடலில் எங்கே என்பதைப் பொறுத்தே மருந்து. பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு விலை உயர்ந்த புது மருந்தைவிடப் பழைய பெனிசிலின் குடும்பமே மேல்.

சளி பச்சையா வந்தா பாக்டீரியாதானே?

இல்லை. அந்தப் பச்சை நம் சொந்த வெள்ளணுக்களின் நிறம். அவற்றுக்குள் இருக்கும் இரும்புள்ள ஒரு நொதி இயல்பாகவே பச்சை. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாள் வெள்ளணுக்கள் குவியும்போது மூக்குச்சளி மஞ்சளாகி, பிறகு பச்சையாகும். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காய்ச்சல் ஒருமுறை நன்றாக இறங்கி, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஏறினால், அல்லது மூச்சு வாங்கினால், அதைத்தான் கவனிக்க வேண்டும். வைரஸ் வழி திறந்துவிட்டு, பின்னால் பாக்டீரியா நுழைந்திருக்கலாம்.

அப்போ வைரஸா பாக்டீரியாவான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

முதல் நாள் காய்ச்சலில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அறிகுறி, நாள், பரிசோதனை மூன்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

மூக்கொழுகல், தும்மல், குரல் கம்மல், வீட்டில் வேறு இருவருக்கும் அதே தொல்லை என்றால் வைரஸ் பக்கமே சாயும். தொண்டை வலியில் இருமல் இல்லாமல், காய்ச்சலோடு டான்சிலில் வெள்ளைப் படலமும் கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் கட்டியும் இருந்தால் பாக்டீரியா தொண்டைப் புண்ணாக இருக்க வாய்ப்பு கூடும். பாக்டீரியா என்று முடிவானால் அதற்கு மருந்து அவசியம், கவனிக்காமல் விட்டால் இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம்.

ரத்தப் பரிசோதனை எந்த நாளில் எடுக்கிறோம் என்பது முக்கியம். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் பயன். வைரஸை எதிர்த்து நம் உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் அதற்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாள் ஐஜிஎம் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவது வீண். வெள்ளணு எண்ணிக்கை டெங்குவில் குறையும். ஆனால் பாக்டீரியா நோயான டைபாய்டிலும் அது ஏறாமல் சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கும் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

டைபாய்டுக்கென்று எடுக்கும் விடால் ரத்தப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். முன்பு எப்போதோ வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, வேறு சில தொற்றுகள் எல்லாமே அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவுசெய்து பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு வந்தது வைரல் காய்ச்சலாகவே இருந்திருக்கும். டைபாய்டு சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டியது, ரத்தத்திலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர். அதை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும், முதல் வாரத்தில் எடுப்பது சிறந்தது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் தேவை. இரண்டு மி.லி. எடுத்து அனுப்பினால் கிருமி இருந்தும் வளராமல் போகும். கடையில் வாங்கி விழுங்கிய இரண்டு மாத்திரையும் இதே தவறான விடையைத்தான் தரும். எல்லாம் சரியாகச் செய்தாலும் பத்தில் நான்கு டைபாய்டு கல்ச்சரில் தப்பிவிடும். ஆனால் வளர்ந்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் அந்த ரிப்போர்ட்டே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதைத் தொடர்ந்த குளிர் மாதங்களிலும் மறக்கக் கூடாத இன்னொன்று ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வருவது. பார்க்க அச்சு அசலாக வைரல் காய்ச்சல் போலவே இருக்கும், ஆனால் பாக்டீரியா. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்புப் பட்டி இறுகும் இடம் ஆகியவற்றில் சிகரெட் சூடு பட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். அது வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளியே சொல்ல மாட்டார். இந்தக் கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் அமாக்சிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் கேட்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் கேட்கும். ஐந்து நாள் தாண்டியும் இறங்காத காய்ச்சலை ‘வைரல்தான்’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

டாக்டரே வைரல்னு சொல்லிட்டு ஆன்டிபயாடிக்கும் எழுதிட்டார். என்ன செய்றது?

சில நேரம் காரணம் இருக்கும்: நுரையீரல் நோய், சர்க்கரை, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் இருந்தால் பாக்டீரியா சேர்ந்திருக்கும் சந்தேகம் அவருக்கு இருக்கலாம். சில நேரம், எழுதாவிட்டால் நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவார் என்ற எண்ணமும் உண்டு, மறைப்பதற்கில்லை. நேராகக் கேளுங்கள்: “எந்த பாக்டீரியாவை நினைச்சு எழுதுறீங்க டாக்டர்? ரெண்டு நாள் பாத்துட்டு, குறையலைன்னா ஆரம்பிக்கலாமா?” இரண்டாவது கேள்விக்குப் பல மருத்துவர்கள் நிம்மதியோடு ‘சரி’ என்பார்கள்.

குழந்தைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்னா, அப்புறம் என்னதான் கொடுக்கிறது?

பாராசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. வரும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 முதல் 7 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் அதில் பாதிதான், இரண்டரை முதல் மூன்றரை மி.லி. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப் என்று நினைத்து அதில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், இந்தக் குழந்தைக்கு அது மூன்று மடங்கு. பாட்டிலின் பெயரைப் பார்க்காமல் அதன் மேலுள்ள மி.கி. கணக்கைப் பாருங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர் என்று சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். சிறுநீர் நின்றால், விடாமல் வாந்தி எடுத்தால், வயிறு வலித்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், குழந்தை துவண்டு கிடந்தால், மூச்சு வேகமானால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் மணி நேரமே போக வேண்டும். அந்த வயதில் வீட்டில் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை.

உண்மையாவே பாக்டீரியா நோய், மருந்து ஆரம்பிச்சாச்சு. காய்ச்சல் விட்டதும் நிறுத்திடலாமா?

மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். ஆனால் ‘அதிக நாள் சாப்பிட்டால் எதிர்ப்பு வராது’ என்ற பழைய நம்பிக்கை சரியல்ல. மருந்து உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் குடலில் அந்தப் பொறுக்கல் நடந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் பல நோய்களுக்கு இப்போது நாட்களைக் குறைத்துவிட்டார்கள். சாதாரண நிமோனியா பலருக்கு ஐந்து நாளில் போதும். பாக்டீரியா தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் இன்னும் பத்து நாள்தான், காசநோய்க்கு மாதக்கணக்கில்தான், ஏனென்றால் அவற்றில் பாதியில் நிறுத்தினால் நோயே திரும்பும். எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக நீட்டவும் வேண்டாம்.

டைபாய்டில் நேரும் தவறு வேறு. சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாளாகும், சிலருக்கு ஒரு வாரம்கூட. இரண்டாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு மாறுவார்கள், நான்காம் நாள் மூன்றாவதாக ஒன்று. கடைசியாகப் போட்டதற்குப் பெயர் கிடைக்கும். உண்மையில் வேலை செய்தது முதல் மருந்தாக இருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்ல கேட்டா கொடுக்கிறாங்களே, சட்டப்படி அது சரியா?

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது இந்தியாவில் சட்டத்துக்கு மாறானது. மருந்து விற்பனை விதிகளில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலின்படி, செஃபிக்சிம் போன்ற மருந்துகளுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. வீட்டில் மீந்த அட்டையிலும் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். போன வருடம் அப்பாவுக்கு எழுதிய மீதி நான்கு மாத்திரை, இந்த வருடம் மகளின் காய்ச்சலுக்கு அல்ல.

ஒருதடவை எதிர்ப்பு வந்துட்டா போகவே போகாதா?

சில நேரம் போகும். சிப்ரோஃப்ளாக்சசின் வந்த பிறகு டைபாய்டுக்குக் குளோராம்ஃபெனிகால் கொடுப்பது ஏறக்குறைய நின்றுபோனது. பத்திருபது வருடத்தில் இந்தியாவில் எடுக்கப்பட்ட டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை மீண்டும் அந்தப் பழைய மருந்துக்கு அடங்கத் தொடங்கின. தேவையில்லாத பிளாஸ்மிட்டைச் சுமப்பது பாக்டீரியாவுக்கும் செலவுதான், மருந்தின் அழுத்தம் இல்லாதபோது சுமக்காதவை முந்திக்கொள்ளும்.

எல்லா எதிர்ப்பும் இப்படித் தொலையாது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரான அந்த எழுத்துப் பிழை பாக்டீரியாவுக்குப் பெரிய சுமை இல்லை, அதனால் மருந்தைக் குறைத்தாலும் டைபாய்டில் அது நிலைத்துவிட்டது. ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்து மரபணு இருந்தால், ஐந்தில் ஏதாவது ஒரு மருந்தை நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை மற்ற நான்கும் சேர்ந்தே பிழைத்திருக்கும். குளோராம்ஃபெனிகால் திரும்பி வந்ததற்குக் காரணம், அதை ஒரு தலைமுறைக் காலம் யாரும் தொடாமல் விட்டதுதான். அசித்ரோமைசினை அப்படி விட்டுவைக்க முடியாது, அதற்குப் பதிலாகக் கொடுக்க வேறு மாத்திரை இப்போது கையில் அதிகம் இல்லை.